திருத்திப் படித்த வரி தனியாகத் தெரியாமல் ஒட்டுவது எப்படி: டோன், லெவல் இரண்டுக்கும் முழுமையான வழிகாட்டி

நாற்பது நிமிட வாசிப்பில் ஒரே ஒரு ஆண்டு தவறிவிட்டது. கிருஷ்ணகிரியைப் பற்றிய ஒரு வாசிப்பை எடுத்துக்கொள்வோம். எழுதியிருந்தது இது: "சேலத்திலிருந்து 1965-இல் தர்மபுரி பிரிந்தது. அதிலிருந்து 2004-ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது." படித்தவர் வாயில் வந்தது "இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு". இதைத் திருத்தி, கேட்பவருக்கு ஒட்டு தெரியாமல் வைக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தையே கடைசிவரை வைத்துக்கொண்டு போவோம்.

வேலை ஆடாசிட்டியில் நடப்பதாக வைத்திருக்கிறேன். மெனுப் பெயர்கள் அதிலுள்ளபடியே இருக்கும். வேறு மென்பொருள் என்றாலும் செய்யும் வரிசை மாறாது. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கருவியில் இல்லை, வரிசையில்தான். லெவலை, அதாவது சத்தத்தின் அளவை, முதலில் துல்லியமாகச் சரிசெய்து, பிறகு டோனை, அதாவது குரலின் நிறத்தைத் தொட்டு, அதனால் லெவல் கெட்டு, மறுபடி லெவலைத் தொட்டு, அதனால் இரைச்சல் ஏறி, இப்படியே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பழைய பதிவின் மூல வேவ் ஃபைல், அதாவது எந்த எஃபெக்டும் போடாதது. அந்தப் பதிவில் யாரும் பேசாத பத்து விநாடியாவது ஓர் இடம். அன்று மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது, கெயின் எந்த இடத்தில் நின்றது என்ற குறிப்பு. காதை முழுவதும் மூடும் ஹெட்போன். தவறாகப் படித்த பழைய வாக்கியத்தையும் அழித்துவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ஏன் என்பது 6-ஆம் படியில் வரும்.

1. எந்த ஃபைலில் ஒட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒட்ட வேண்டிய இடம் மூல வேவ் ஃபைல்தான். இரைச்சல் நீக்கி, ஈக்யூ போட்டு, கம்ப்ரசர் போட்டு முடித்த ஃபைலில் ஒட்டாதீர்கள்.

காரணம் கம்ப்ரசர். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகும் சத்தத்தை மட்டும்தான் அது அமுக்கும். பழைய குரல் அந்த அளவைத் தாண்டி ஓடியிருக்கும், அதனால் நன்றாக அமுங்கி இறுக்கமாகக் கேட்கும். புது வரி 3 டெசிபெல் குறைவாக உள்ளே போனால் கம்ப்ரசர் அதைச் சரியாகப் பிடிக்காது. பிறகு லெவலை ஏற்றினாலும் அந்த வரி மட்டும் தளர்ந்த குரலாகவே நிற்கும். மூலத்திலேயே ஒட்டி, முழு ஃபைலையும் பழைய அமைப்புகளோடு ஒரே வரிசையில் மறுபடி ஓட்டினால் இந்தச் சிக்கலே வராது.

மூலம் இல்லை, எம்பி3 மட்டும்தான் மிச்சம் என்றால், புது வரிக்கும் அதே எஃபெக்டுகளை அதே வரிசையில் போட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மேலே ஒலி வெட்டப்பட்டிருக்கும். புது வரியிலும் அங்கே வெட்டாவிட்டால் "ஸ", "ச" வரும் இடங்களில் அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்று தெரியும். பின்னணி இசையும் சேர்ந்து கலந்துவிட்ட ஃபைல் மட்டுமே இருந்தால் ஒட்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இசை அறுபட்ட இடம் எப்படியும் கேட்கும்.

2. எவ்வளவு நீளம் திரும்பப் படிக்க வேண்டும்

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடறேன்ணா, போதும்ல?" என்றுதான் படிப்பவர் கேட்பார். போதாது.

இந்த வாக்கியத்தில் "மூன்றாம்" என்பதை எடுத்துவிட்டு "நான்காம்" வைப்பதாக நினைத்துப் பாருங்கள். "இரண்டாயிரத்து" என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். ஏற்கெனவே குறுகி ஒலிப்பது, அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். "மூன்றாம்" வரப்போகிறது என்பதால் "த்து" சொல்லும்போதே உதடு மூடத் தொடங்கியிருக்கும். அந்தப் பழைய "த்து"வுக்குப் பின்னால் "நா" வைத்தால், உதடு மூடும் ஒலி கேட்டுவிட்டு நாக்கு பல்லைத் தொடும் ஒலி வரும். கேட்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் காது நிற்கும்.

ஆகவே முழு வாக்கியமும் வேண்டும், மூச்சு எடுக்கும் இடத்திலிருந்து அடுத்த மூச்சுவரை. பதிவு செய்யும்போது அதற்கு முந்தைய வாக்கியத்தையும் பிந்தைய வாக்கியத்தையும் சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டையும் ஒட்டப்போவதில்லை. ஆனால் அவை இருந்தால்தான் நடுவில் உள்ள வாக்கியம் நடு வாக்கியம் போலவே ஒலிக்கும். தனியாகப் படித்த வாக்கியம் எப்போதும் ஒரு அறிவிப்பைப் போலத் தொடங்கி, முற்றுப்புள்ளியில் அழுத்தமாக உட்காரும்.

3. அறையையும் மைக்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்

பிறகு மென்பொருளில் சரிசெய்யவே முடியாத விஷயம் மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம். அதனால் அதை முதலில் பிடியுங்கள்.

தூரம் இரட்டிப்பானால், 15 சென்டிமீட்டர் 30 ஆனால், வாயிலிருந்து நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கெயினை ஏற்றிக் குரலைச் சமன் செய்தால் சுவரொலியும் சேர்ந்து 6 டெசிபெல் ஏறிவிடும். அந்த வரி மட்டும் கொஞ்சம் தள்ளியிருந்து பேசியதுபோல் கேட்பது இதனால்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. மைக்கை ரொம்ப நெருங்கினால், பெரும்பாலானவர் வைத்திருக்கும் கார்டியாய்டு வகை மைக்கில் பாஸ் ஏறிக் குரல் தடிக்கும்.

அளக்க டேப் தேவையில்லை. கட்டைவிரல் நுனியை மைக்கின் முகப்பிலும் சுண்டுவிரல் நுனியைத் தாடையிலும் வைத்தால் ஒரு சாண். படிப்பவருடைய சொந்தச் சாணையே அளவாக வைத்துக்கொண்டால் எந்த நாளும் மாறாது. முந்தைய நாளின் குறிப்பு இல்லையென்றால் அரைச் சாண், முக்கால் சாண், ஒரு சாண் என்று மூன்று தூரத்தில் அதே வாக்கியத்தைப் படித்து, பழையதோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். கேட்க வேண்டிய இடம் சொல் முடியும் இடம். "மாவட்டமானது" முடிந்த பிறகு வால் எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். வால் ஒத்துப்போகும் தூரம்தான் பழைய தூரம்.

கோணமும் முக்கியம். வாய் மைக்குக்கு நேரே இருந்தால் உயர் ஒலிகள் முழுதாக விழும். சற்றே பக்கவாட்டில் திரும்பினால் மங்கும். தாளை மைக்குக்கு இடப்பக்கம் வைத்துப் படித்தவர் இன்று போனை வலப்பக்கம் பிடித்துப் படித்தால் முகம் திரும்பிவிடும், அதோடு டோனும் மாறிவிடும். தாளையும் பழைய இடத்தில் வையுங்கள்.

அறையில் அன்று என்னென்ன இருந்ததோ அவை இன்றும் இருக்கட்டும். மெத்தையை வெயிலில் காயப்போட்டிருந்தாலே அறை வேறாக ஒலிக்கும். திரை, அலமாரிக் கதவு, எல்லாம் அப்படியே.

பிறகு நேரம். தேசிய நெடுஞ்சாலை 44-க்குப் பக்கத்தில், கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ வீடு என்றால், இரவு பதினொரு மணிக்குப் பதிவு செய்ததை நண்பகலில் திருத்தாதீர்கள். மாங்காய் சீசனில் லாரி ஓட்டம் இன்னும் கூடும். ஹாரன் தெளிவாகக் கேட்பதால் உடனே நிறுத்திவிடுவோம். ஆபத்து ஹாரனில் இல்லை, தூரத்தில் போகும் லாரியின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான உறுமலில்தான். அது ஹெட்போனில் அவ்வளவாகத் தெரியாது. வெட்டி ஒட்டிய இடத்தில் மட்டும் திடீரென்று தொடங்கும், திடீரென்று நிற்கும். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்வதும் அப்படித்தான். பழையதில் இல்லாத ஒரு ரீங்காரம் உள்ளே வந்துவிடும்.

4. படிக்கும் முறை

படிப்பவர் முதலில் பழைய பதிவில் அந்த இடத்துக்கு முந்தைய அரை நிமிடத்தை ஹெட்போனில் மூன்று முறை கேட்கட்டும். பிறகு ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு, பழைய பதிவோடு சேர்ந்தே முணுமுணுத்துப் பார்க்கட்டும். சுருதி, வேகம் இரண்டும் இப்படித்தான் உடம்பில் ஏறும். "அன்னைக்கு மாதிரியே படிங்க" என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது.

குரல் சூடாக இருப்பதும் கணக்கில் வரும். பழைய வாக்கியம் நாற்பது நிமிடப் பதிவில் முப்பதாவது நிமிடத்தில் வந்திருந்தால், அப்போது தொண்டை தளர்ந்து குரல் சற்று இறங்கியிருக்கும். இன்று வந்து உட்கார்ந்த கையோடு படித்தால் அது வேறு ஆள் குரல் போலிருக்கும். பதிவு செய்யாமல் பத்து நிமிடம் அதே உரையின் முன்பகுதியைப் படிக்க விடுங்கள். முடிந்தால் பழைய பதிவு நடந்த அதே வேளையில் உட்காருங்கள். தூங்கி எழுந்ததும் வரும் குரல் தணிந்திருக்கும், மாலையில் அப்படி இருக்காது.

இன்னொன்று மொழிநடை. முதல்முறை "இரண்டாயிரத்து" என்று படித்தவர் இப்போது பேச்சுவாக்கில் "ரெண்டாயிரத்து நாலு" என்றுவிடுவார். திருத்த வேண்டிய சொல்லிலேயே கவனம் இருப்பதால் மற்ற சொற்கள் இப்படி நழுவும். அதேபோல் திருத்திய சொல்லை மட்டும் அழுத்திச் சொல்வதும் நடக்கும். "இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு" என்று ஒரு தூக்குத் தூக்குவார். தவறு எங்கே இருந்தது என்பதை அந்த அழுத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று வாக்கியமும் சேர்த்து ஐந்து டேக் எடுங்கள். எல்லாம் முடிந்ததும், யாரும் அசையாமல் அறையின் வெறும் ஒலியை இருபது விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள்.

5. டேக்கைத் தேர்ந்தெடுப்பது

இங்கே லெவலைப் பார்க்காதீர்கள், டோனையும் பார்க்காதீர்கள். அவை பிறகு மாற்றக்கூடியவை. வேகம், சுருதி, முடிவு இந்த மூன்றையும் வைத்து மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பழைய வாக்கியம் 4.8 விநாடி என்று வையுங்கள். புது டேக்குகள் 5.3, 5.0, 4.9, 5.4, 4.9. திருத்துகிறோம் என்ற எச்சரிக்கையில் எல்லோரும் மெதுவாகத்தான் படிப்பார்கள். 4.9 வந்த இரண்டும் நல்லவை. 5.0 இருந்தால் `Change Tempo` கொண்டு 3 அல்லது 4 சதவீதம் வேகப்படுத்தலாம், தெரியாது. 5.3-ஐ இழுத்து 4.8-க்குக் கொண்டுவரப் பார்த்தால் மெய்யெழுத்துகள் நொறுங்கத் தொடங்கும். சுருதியை மென்பொருளில் மாற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். சுருதியோடு வாயின் வடிவம் தரும் நிறமும் நகர்ந்து, ஆள் மாறியதுபோல ஆகிவிடும். சுருதி ஒத்துவரவில்லை என்றால் ஆறாவது டேக் எடுப்பது பத்து விநாடி வேலை.

6. தோராய லெவல், பின்னணி, பிறகு டோன்

இந்த மூன்றையும் இதே வரிசையில், ஒரே மூச்சில் செய்யுங்கள்.

தேர்ந்தெடுத்த வாக்கியத்தைப் பழைய ட்ராக்குக்குக் கீழே தனி ட்ராக்கில் வையுங்கள். பழைய வாக்கியத்தில் "கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது" என்ற பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து `Analyze > Measure RMS` பாருங்கள். புதியதிலும் அதே சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் வெற்றிடம் சேரக்கூடாது. சேர்ந்தால் சராசரி இறங்கி எண் பொய் சொல்லும்.

தவறான பழைய வாக்கியத்தை வைத்திருக்கச் சொன்னதன் காரணம் இதுதான். "தென்பெண்ணை" என்ற சொல்லும் "மாவட்டம்" என்ற சொல்லும் ஒரே ஆள் ஒரே நொடியில் சொன்னாலும் லெவலும் டோனும் வேறாகத்தான் இருக்கும். ஆகாரம் திறந்த வாயில் வருவதால் சத்தமாக விழும், உகரம் அடங்கி விழும். பக்கத்து வாக்கியத்தோடு ஒப்பிட்டால் எழுத்துகளின் வித்தியாசத்தைக் குரலின் வித்தியாசம் என்று நினைத்து, இல்லாத குறையைத் திருத்திக்கொண்டிருப்போம். அதே சொற்களை அதே ஆள் சொன்ன பழைய வாக்கியம் கையில் இருக்கும்போது அந்தக் குழப்பம் இல்லை.

நம் எடுத்துக்காட்டில் பழையது -21.4, புதியது -24.9. வித்தியாசம் 3.5. புது வரி முழுவதையும், அதன் பின்னால் வரும் அறை ஒலியையும் சேர்த்து `Amplify`-யில் 3.5 டெசிபெல் ஏற்றுங்கள். இது தோராயம்தான், இதிலேயே நின்றுவிட வேண்டாம்.

வேறு கருவியில் எண்ணைச் சரிபார்க்க விரும்பினால், இரண்டு துண்டையும் தனித்தனி வேவாக எடுத்து இதை ஓட்டலாம். `mean_volume` என்ற வரிதான் நமக்கு வேண்டியது.

```
ffmpeg -i pazhaiyathu.wav -af volumedetect -f null -
ffmpeg -i puthiyathu.wav -af volumedetect -f null -
```

இப்போது பின்னணி. ஏற்றுவதற்கு முன்பு புது அறை ஒலி -61.5, பழையது -62 என்று இருந்திருக்கும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அப்போதே விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். குரலோடு இரைச்சலும் 3.5 ஏறிவிட்டது, இப்போது அது -58. அதனால்தான் பின்னணியைத் தோராய லெவலுக்குப் பிறகு அளக்க வேண்டும்.

அந்த 4 டெசிபெல்லை மட்டும் குறையுங்கள். புது அறை ஒலியில் `Noise Reduction`-இன் `Get Noise Profile` எடுத்து, குறைக்கும் அளவை 4 என்று வைத்து, புது வரிக்குப் போடுங்கள். 12, 18 என்று வைத்து வழித்துவிட்டால் சொற்களுக்கு நடுவே பின்னணி செத்துப்போகும். இரைச்சல் கூடுவதைவிடத் திடீரென்று அமைதியாவதுதான் காதை அதிகம் இழுக்கும். இரைச்சலில் பெரும்பகுதி லாரி உறுமலாக இருந்து, அது பழையதில் இல்லை என்றால், `High-Pass Filter`-ஐ 70 ஹெர்ட்ஸில் போட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பழையதிலும் உறுமல் இருந்தால் தொடாதீர்கள்.

புதியது பழையதைவிட அமைதியாக வந்திருந்தால் வேலை இன்னும் எளிது. பழைய பதிவில் யாரும் பேசாத இடத்தை வெட்டி, புது வரிக்கு அடியில் தனி ட்ராக்கில் விரித்துவிடுங்கள். புதியது -68, பழைய அறை ஒலி -62 என்றால் இரண்டும் சேர்ந்து -61 வரும். அந்த ஒரு டெசிபெல் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒன்றரை விநாடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டி நீட்டினால் அதிலுள்ள சின்ன "டக்" ஒன்று தாளம் போடத் தொடங்கும். வாக்கியத்தைவிட நீளமான துண்டாக எடுங்கள்.

அடுத்தது டோன். இரண்டு வாக்கியத்திலும் அதே சொற்களைத் தேர்ந்தெடுத்து `Analyze > Plot Spectrum` திறந்து, அளவை 4096, அச்சை `Log frequency` என்று வையுங்கள். லெவல் ஏற்கெனவே தோராயமாக ஒன்றாகிவிட்டதால் வளைவுகளை நேராக ஒப்பிடலாம். ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பார்க்க வேண்டாம். மூன்று இடம் போதும். 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை மைக் நெருக்கத்தைச் சொல்லும். 300 முதல் 500 வரை அறையின் "டப்பா" ஒலியைச் சொல்லும். 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை வாயின் கோணத்தைச் சொல்லும்.

நம் எடுத்துக்காட்டில் புதியது 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் கூடுதல், 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 குறைவு. அதாவது இரண்டு விரற்கடை நெருங்கி உட்கார்ந்து, முகத்தைச் சற்றுத் திருப்பியிருக்கிறார். `Filter Curve EQ`-இல் 250-க்குக் கீழே மெதுவாக 3 இறக்கி, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மெதுவாக 2 ஏற்றுங்கள். கோடு மலைச்சரிவுபோல இருக்க வேண்டும், ஊசிபோல அல்ல. குறுகிய வெட்டுகள் ஒரு சொல்லைச் சரிசெய்து அடுத்த சொல்லைக் கெடுக்கும்.

எந்த இடத்திலாவது 6 டெசிபெல்லுக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் ஈக்யூவை மூடிவிட்டு 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். மைக் தூரம் தவறியிருக்கிறது, அதை வளைவால் நேர்செய்ய முடியாது. புதியதில் சுவரொலி கூடுதலாக இருந்தாலும் அதே தீர்ப்புதான். குறைவாக இருந்தால் மட்டும் மிகக் கொஞ்சம் `Reverb` சேர்த்து ஒப்பேற்றலாம்.

7. கடைசி லெவல்

பாஸை இறக்கியதால் குரலின் மொத்த ஆற்றலில் ஒரு பங்கு போய்விட்டது. மறுபடி அதே சொற்களை அளந்தால் -22.3 என்று வரும். 0.9 ஏற்றுங்கள். லெவலைக் கடைசியில் தொட வேண்டும் என்று சொல்வதன் காரணம் இந்த 0.9-தான்.

இங்கே நடக்கும் இரண்டு தவறுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று, `Normalize` போட்டு இரண்டின் உச்சத்தையும் ஒன்றாக்குவது. உச்சம் என்பது ஒரே ஒரு வெடிப்பொலி. ஒரு "ப" மைக்கில் காற்றை அடித்திருந்தால் அதுவே உச்சமாகி, மற்ற எல்லாச் சொற்களும் தணிந்துவிடும். மற்றொன்று, முழு வாசிப்பும் எந்த லவுட்னஸுக்கு வைக்கப்பட்டதோ அதே எண்ணுக்குப் புது வாக்கியத்தையும் `Loudness Normalization` செய்வது. முழு வாசிப்பின் எண் என்பது நாற்பது நிமிடத்தின் சராசரி. இந்த ஒரு வாக்கியம் அந்தச் சராசரிக்கு 2 கீழே இருந்திருக்கலாம், பத்தியின் கடைசி வாக்கியம் என்றால் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். அதைச் சராசரிக்குத் தூக்கினால் பத்தி முடியும் இடத்தில் ஆள் திடீரென்று உற்சாகமாகிவிடுவார்.

சராசரி ஒத்துவந்த பிறகும் உள்ளே ஒரு வித்தியாசம் ஒளிந்திருக்கும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், குரல் அங்கே இறங்கும். திருத்திப் படிப்பவர் கவனமாகப் படிப்பதால் கடைசிச் சொல்லை இறக்காமல் தாங்கிப் பிடிப்பார். முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பழையதில் "அதிலிருந்து" -19.8, "மாவட்டமானது" -23.5 என்றும், புதியதில் -20.4, -22.0 என்றும் இருந்தால் சரிவு போதவில்லை என்று பொருள். என்வலப் கருவியால் முன்பக்கம் அரை டெசிபெல் தூக்கி, கடைசிச் சொல்லில் ஒன்றரை இறக்கிவிடுங்கள்.

8. வெட்டி ஒட்டுவது

முன்பக்க ஒட்டை முந்தைய வாக்கியத்துக்கும் இதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வையுங்கள். பழைய பதிவின் மூச்சொலியையே வைத்துக்கொண்டு, புது டேக்கின் மூச்சை வெட்டிவிடுங்கள். இரண்டும் இருந்தால் ஒருவர் இரண்டுமுறை மூச்சிழுப்பார். பழைய இடைவெளி 0.6 விநாடி என்றால் புதியதும் 0.6-தான். லெவலும் டோனும் கச்சிதமாக இருந்தும் ஒட்டு தெரிகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடைவெளியைத்தான். அறை ஒலியின் மேல் 30 முதல் 50 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் போதும், அதாவது பழையது மெல்ல மங்கும்போதே புதியது மெல்ல ஏறுவது.

பின்பக்க ஒட்டுக்கு நம் மொழியே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. "ட்ட", "த்த", "க்க", "ப்ப" என்று வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் வாய் ஒரு கணம் முழுவதும் அடைத்துக்கொள்ளும். அலைவடிவத்தில் அங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி தட்டையாகத் தெரியும். "மாவட்டமானது" என்பதில் அந்த இடம் "மாவ"வுக்கும் "ட்டமானது"வுக்கும் நடுவில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்து, தட்டையான பகுதியின் நடுவில் வெட்டி, முன்பாதியைப் புதியதிலிருந்தும் பின்பாதியைப் பழையதிலிருந்தும் எடுங்கள். `Z` விசையைத் தட்டி வெட்டை அலையின் பூஜ்ஜியப் புள்ளிக்கு நகர்த்தி, 10 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் கொடுங்கள். வாக்கியத்தின் முடிவு பழைய குரலிலேயே இறங்குவதால் அடுத்த வாக்கியத்துக்குப் போகும் வழி இயல்பாக இருக்கும். சற்றுமுன் என்வலப்பில் இறக்கிய கடைசிச் சொல்லின் பிரச்சினையும் இதில் பாதி கரைந்துபோகும்.

ஒற்றையாக வரும் வல்லினத்தில் இந்த வித்தை பலிக்காது. "தகவல்" என்பதில் உள்ள "க" மென்மையாக உரசிக்கொண்டே போகும், அங்கே அடைப்பு இல்லை. அங்கே வெட்டினால் சொல் தடுக்கும்.

படத்தோடு ஓடும் வாசிப்பு என்றால் புது வாக்கியம் 0.1 விநாடி நீண்டதால் பின்னால் உள்ளதெல்லாம் நகர்ந்திருக்கும். அந்த 0.1-ஐ அடுத்த பத்தி இடைவெளியில் கழித்துவிடுங்கள்.

9. கேட்டுப் பார்ப்பது

ஒட்டியவுடனே கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே வாக்கியத்தை ஐம்பது முறை கேட்ட காதுக்கு எல்லாமே சரியாகவோ எல்லாமே தவறாகவோதான் தோன்றும். மறுநாள், ஒட்டுக்கு அரை நிமிடம் முன்னாலிருந்து ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். அலைவடிவத்தில் வெட்டு வரும் இடம் கண்ணில் பட்டால் காதும் அங்கே ஒட்டைக் கேட்டுவிடும்.

ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, ஹெட்போனிலேயே சத்தத்தை நன்றாகக் குறைத்து ஒருமுறை. போன் ஸ்பீக்கரில் பாஸ் விழாது, அதனால் அங்கே ஒட்டு தெரிந்தால் குறை 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான். ஹெட்போனில் மட்டும் தெரிந்தால் பாஸோ பின்னணியோ. சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது ஒரு சொல் மட்டும் தூக்கலாக வந்தால் அது லெவல், 7-ஆம் படி.

பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுங்கள். "எங்க ஒட்டியிருக்கேன்னு கண்டுபிடிங்க" என்று சொல்லிக் கொடுத்தால் ஒட்டாத இடத்தைக்கூடக் காட்டுவார்கள். "கிருஷ்ணகிரி எந்த வருஷம் தனி மாவட்டமாச்சுன்னு சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள். நெற்றி சுருங்காமல் "2004" என்று பதில் வந்தால், மூல ஃபைலைச் சேமித்து, பழைய எஃபெக்ட் வரிசையை முழு வாசிப்புக்கும் ஓட்டி ஏற்றுமதி செய்துவிடலாம்.